பார்வை இல்லாமல் பேங்க் கணக்கை நாமே நடத்துவது: ஏடிஎம், செக், ஆப்

கணக்கு திறந்தாயிற்று, பாஸ்புக்கும் கைக்கு வந்துவிட்டது. ஏடிஎம் கார்டும் செக்புக்கும் கேட்டதும்தான் கவுன்டரில் இருப்பவர் இழுப்பார். "உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம், வீட்ல யாரையாவது சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் போட்டுக்கோங்களேன்" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2008 ஜூன் 4-ஆம் தேதி ரிசர்வ் பேங்க் எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பார்வையற்றவர்கள் சட்டப்படி ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்கள், ஆகவே செக்புக், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், கடன், கிரெடிட் கார்டு எதையும் பார்வையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் செக் உட்பட என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தேதியைச் சொல்லி, மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கணக்கு திறக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கையெழுத்தா, கைரேகையா? கொஞ்சமாவது கையெழுத்துப் போட வரும் என்றால் கையெழுத்தையே வையுங்கள். கைரேகைக் கணக்கு என்றால் நடைமுறையில் ஒவ்வொரு தடவையும் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும், சாட்சியும் கேட்பார்கள். கையெழுத்துப் பழகாதவர்கள் கணக்கைத் திறப்பதற்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது. அது எப்படி என்பதைச் செக் பகுதியில் சொல்கிறேன்.

பேசும் ஏடிஎம்

இந்தியாவில் பேசும் ஏடிஎம் 2012-இல் வந்தது. 2014 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாக வைக்கும் ஏடிஎம் எல்லாமே பேச வேண்டும், பிரெயில் கீபேடும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் சொல்லிவிட்டது. அதனால் காகிதத்தில் பார்த்தால் ஊரெல்லாம் பேசும் ஏடிஎம்தான். போய் நின்று பார்த்தால் சிலது பேசும், சிலது பேசாது. ஆகவே பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில் புது ஏடிஎம்மைத் தேடிப் போகாதீர்கள். சாவகாசமான ஒரு நாளில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவற்றைச் சோதித்து, ஒழுங்காகப் பேசும் இரண்டை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு பழைய வயர் இயர்போன் வேண்டும். 3.5 மில்லிமீட்டர் உருண்டை முனை உள்ளது, முன்பெல்லாம் எல்லா போனோடும் வந்ததே, அதுதான். ப்ளூடூத்தும் டைப்-சி முனையும் இங்கே உதவாது. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மற்றக் காது அறையைக் கவனிக்கட்டும். பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

இயர்போன் துளை ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். கீபேடைச் சுற்றியும், கார்டு போடும் வாய்க்குப் பக்கத்திலும் விரலால் தடவிப் பாருங்கள், சின்ன உருண்டைப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். 'டக்' என்று உட்காரும் வரை முனையை அழுத்திவிட்டுச் சில விநாடிகள் சும்மா நில்லுங்கள். குரல் வந்தால் முதலில் கீபேடின் அமைப்பைச் சொல்லும். ஒன்றும் வரவில்லை என்றால் ஒரு தடவை பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள், துளையில் தூசி அடைத்திருக்கலாம். அப்போதும் வரவில்லையென்றால் கார்டைப் போடாமலே வெளியே வந்துவிடுங்கள். குரல் வராத மெஷினில் பழக்கத்தை நம்பிப் பட்டனை அழுத்துவது வேண்டாத வேலை. மெனுவின் வரிசையை அவர்கள் எப்போது மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கீபேடில் எண்கள் போனில் இருக்கிற மாதிரியேதான்: மேல் வரிசை 1, 2, 3. நடுவில் உள்ள 5-இன் மேல் ஒரு புள்ளி துருத்திக்கொண்டு இருக்கும். அதில் நடுவிரலை வைத்துவிட்டால் மற்ற எண்கள் தானாக வந்துவிடும். வழக்கமாக வலது ஓரத்தில் செயல் பட்டன்கள் இருக்கும். ரத்து செய்யும் பட்டனில் பெருக்கல் குறி, சரி என்று சொல்லும் பட்டனில் வட்டம், அடித்ததை அழிக்கும் பட்டனில் ஒரு கோடு அல்லது அம்பு மாதிரி மேடாக இருக்கும். உள்ளே போனதும் ரத்து பட்டன் எங்கே என்று முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள். குழம்பினால் அதுதான் வாசல்.

கார்டில் சிப் இருக்கும் முனைதான் உள்ளே போக வேண்டும், சிப் மேல் பார்த்து இருக்க வேண்டும். இப்போது வரும் பல கார்டுகளில் எண்கள் மேடாக இருப்பதில்லை, அதனால் நகத்தால் தடவிச் சிப்பின் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அடையாளத்துக்காகக் கார்டின் மேல் டேப்போ ஸ்டிக்கரோ ஒட்டாதீர்கள், மெஷினில் சிக்கிக்கொள்ளும். கார்டு வைக்கிற உறையில் அடையாளம் வையுங்கள், அது போதும்.

அதன் பிறகு குரல் சொல்கிறபடி எண் பட்டன்களை அழுத்திக்கொண்டே போகலாம். பல மெஷின்களில் திரையை மறைக்கவா என்று ஒரு கேள்வி வரும். மறைத்துவிடுங்கள், பின்னால் நிற்பவருக்கு உங்கள் பேலன்ஸ் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பின் நம்பர் அடிக்கும்போது மற்றக் கையால் கீபேடை மூடிக்கொள்ளுங்கள். குரல் அந்த எண்களைச் சொல்லாது, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு பீப் ஒலி மட்டும் வரும். பீப்பை எண்ணினால் நாலும் விழுந்ததா என்று தெரிந்துவிடும். தொகையை அடித்ததும் அதைத் திருப்பிச் சொல்லும், முழுசாகக் கேட்ட பிறகே சரி கொடுங்கள். 3000 அடிக்க நினைத்து 30000 அடிப்பது விரல் ஒரு தடவை கூடப் பட்டாலே நடக்கும்.

செக்யூரிட்டிக்காரர் "கொடுங்க சார், நான் எடுத்துத் தரேன்" என்பார். வரிசையில் நிற்பவரும் சொல்வார். வழி காட்டச் சொல்லலாம், துளை எங்கே என்று கேட்கலாம். கார்டையும் பின் நம்பரையும் ஒரே ஆளிடம் கொடுப்பது மட்டும் கூடாது. பின் நம்பரை நாமே சொல்லியிருந்தால், பிறகு போன பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு.

பணம் வந்ததும் இடத்தை விட்டு நகராமல் எண்ணுங்கள். புது வரிசை நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளம் மட்டும் 142, 146, 150 என்று நாலு நாலாகக் கூடும். நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் தனி நோட்டில் விரலுக்குத் தெரியாது. இரண்டு நோட்டை ஒரு முனையில் சேர்த்துப் பிடித்தால் மறு முனையில் தெரியும். அதனால் வீட்டில் கெட்டி அட்டை ஒன்றில் இந்த மூன்று நீளத்துக்கும் படி மாதிரி வெட்டி, பர்ஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் இரு ஓரத்திலும் மேடான கோடுகள் உண்டு, 500-இல் ஐந்து, 100-இல் நான்கு. 200-இலும் நான்குதான், கோடுகளுக்கு நடுவே இரண்டு சின்ன வட்டம் சேர்ந்து வரும். புது நோட்டில் நன்றாகத் தெரியும். மீன் மார்க்கெட் வரை போய் வந்த நோட்டில் ஒன்றுமே தெரியாது.

அதற்குத்தான் ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரியில் விட்ட ஆப் இருக்கிறது. ஸ்டோரில் MANI என்று தேடினால் கிடைக்கும். இன்டர்நெட் வேண்டாம், கேமரா முன் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். பாதியாக மடித்த நோட்டையும் சொல்லும். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது, அதை மறக்க வேண்டாம்.

கணக்கில் கழிந்து பணம் வராமல் போனால் பதற வேண்டாம். எந்த இடத்து ஏடிஎம், எத்தனை மணி, எவ்வளவு தொகை என்று போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு, கார்டு கொடுத்த உங்கள் பேங்கிலேயே புகார் கொடுங்கள், மெஷின் வேறு பேங்குடையதாக இருந்தாலும் சரி. ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வந்தாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2019 முதல் இருக்கிற விதி.

செக்கில் கையெழுத்து

நிறையப் பேர் பயப்படுவது இதற்குத்தான். கையெழுத்து மாறிவிடும், கோட்டை விட்டு இறங்கிவிடும், செக் திரும்பிவிடும் என்ற பயம். பாதிப் பயத்துக்கு மருந்து, செக்கின் மேல் வைத்து எழுத ஜன்னல் வெட்டிய ஒரு சட்டம்.

பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லியது, விறைப்பானது, ஈரம் பட்டாலும் வளையாது. உங்கள் செக்கின் அளவுக்கே, ஏறக்குறைய 203-க்கு 93 மில்லிமீட்டர், வெட்ட வேண்டும். பார்வை உள்ள ஒருவரை வைத்து, ரத்தான செக் ஒன்றை அதன் மேல் பொருத்தி, தேதி, பெயர், எழுத்தால் தொகை, எண்ணால் தொகை, கையெழுத்து ஆகிய இடங்களில் ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். கையெழுத்து ஜன்னல் வலது பக்கம் கீழே வரும், சுமார் 6 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் தாராளம். அதன் அடி விளிம்பு செக்கின் கீழ் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் கீழே இருக்கும் வெள்ளைப் பட்டையில்தான் மெஷின் படிக்கும் எண்கள் அச்சாகியிருக்கின்றன, அங்கே மை பட்டால் தொல்லை. இடது மேல் மூலையில் இரண்டு சாய்ந்த கீறல் வெட்டிவிட்டால், கிராஸ் கோடுகளையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் இடது மேல் முனையை மட்டும் சாய்வாக நறுக்கி வையுங்கள், எந்தப் பக்கம் மேலே என்று தொட்டதும் தெரியும்.

செக்கைப் புத்தகத்திலிருந்து கிழிக்காமலே கையெழுத்துப் போடுங்கள். புத்தகத்தின் முன் அட்டையைத் திறந்து, தைத்த பக்கம் இடது கையில் இருந்தால் முன்பக்கம் மேலே பார்க்கிறது என்று நிச்சயம். கிழித்த பிறகு எது முன், எது பின் என்று தடவிக் கண்டுபிடிப்பது சிரமம். சட்டத்தைச் செக்கின் மேல் வைத்து, இரண்டையும் ஒரு கிளிப் போட்டு, இடது ஆள்காட்டி விரலை ஜன்னலின் இடது ஓரத்தில் நிறுத்தி, அங்கிருந்து பேனாவைத் தொடங்கினால் கை தானாக ஜன்னலுக்குள்ளேயே நிற்கும். பேனாவை நடுவில் எடுக்காமல் ஒரே ஓட்டமாகப் போடும் சின்னக் கையெழுத்து நல்லது. எடுத்து எடுத்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் இடைவெளி மாறும். புள்ளி வைப்பது, அடியில் கோடு இழுப்பது எல்லாம் வேண்டாம்.

முக்கியமானது இது: பேங்கில் மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கும்போதும் இதே சட்டத்தை வைத்தே போடுங்கள். வெட்டவெளியில் போட்ட கையெழுத்தும் ஜன்னலுக்குள் போட்ட கையெழுத்தும் அளவில் வேறாக இருக்கும். செக் திரும்புவதற்குப் பெரும்பாலும் கை நடுக்கம் காரணமல்ல, இந்த வித்தியாசம்தான். ஏற்கனவே கொடுத்த மாதிரி பழசாகிவிட்டது என்றால் கிளைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லலாம்.

சரி, ஒரு செக்கை முதலிலிருந்து கடைசி வரை எழுதிப் பார்ப்போம். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் 60,000 ரூபாய். பெயரையும் தொகையையும் நம்பிக்கையான ஒருவர் எழுதுகிறார். எழுதும்போதே ஒவ்வொரு வரியையும் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி விடக் கூடாது, தொகைக்குப் பின் 'மட்டும்' போட வேண்டும், 'கொண்டுவருபவருக்கு' என்று அச்சிட்டிருப்பதை அடிக்க வேண்டும். அப்புறம் போனில் லுக்அவுட் அல்லது சீயிங் ஏஐ மாதிரி படித்துச் சொல்லும் ஆப் ஒன்றில் செக்கைக் காட்டிக் கேளுங்கள். கையால் எழுதியதை அவை அரைகுறையாகத்தான் படிக்கும் என்றாலும் எண்ணால் எழுதிய தொகை பல நேரம் சரியாக வரும். இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது அதைவிட உறுதி. எழுதியவரே படித்தால் சரிபார்த்ததாகாது. வீட்டில் பிரின்டரும் திரைவாசிப்பானோடு கம்ப்யூட்டரும் இருந்தால் பெயரையும் தொகையையும் நீங்களே அச்சிடலாம், ஆனால் அளவைச் சரிசெய்ய ஒருவர் முதல் தடவை உதவ வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகே கையெழுத்து. வெற்றுச் செக்கில் முன்கூட்டியே போட்டு வைப்பது வீட்டாரை நம்பியானாலும் வேண்டாம். எழுதும்போது பெயரிலோ தொகையிலோ ஏதாவது பிசகினால் அடித்துத் திருத்தி அதன் மேல் ஒரு கையெழுத்துப் போடுவது பழைய காலத்து வழக்கம். இப்போது செக்கைப் படமெடுத்துத்தான் அனுப்புகிறார்கள், பெயரிலும் தொகையிலும் திருத்தம் இருந்தால் திரும்பிவிடும். புது செக் எடுங்கள். செக் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், அதனால் தேதியையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

60,000 என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. 50,000-உம் அதற்கு மேலும் உள்ள செக்குக்கு பாசிட்டிவ் பே என்று ஒன்று 2021 முதல் இருக்கிறது. செக் எண், தேதி, யாருக்கு, எவ்வளவு என்பதை பேங்க் ஆப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ நீங்கள் தெரிவித்துவிட்டால், செக் வரும்போது பேங்க் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பல பேருக்கு இது கூடுதல் வேலை, நமக்கு இது பெரிய பாதுகாப்பு: செக்கில் என்ன இருக்கிறது என்று நம் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும், என்ன இருக்க வேண்டும் என்பதை நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறோம். தொகையை யாராவது மாற்றியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். யாருக்கு எந்த எண் செக் கொடுத்தீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள். ஒன்று காணாமல் போனால் அந்த எண்ணைச் சொல்லித்தான் நிறுத்தச் சொல்ல முடியும்.

ஆப்

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனிலேயே இருக்கும். பேங்க் ஆப்பைத் தொடுவதற்கு முன் வாட்ஸ்அப் மாதிரி ஏதாவது ஒன்றில் கை பழகியிருந்தால் நல்லது. ஆப்பின் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழ்க் குரல் அதைக் கொச்சையாக வாசிக்கும், தொகைகூடப் புரியாமல் போகலாம். பேங்க் ஆப்புக்கு இந்திய ஆங்கிலக் குரலுக்கு மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

ஓர் ஆப் நமக்கு ஆகுமா என்று பணம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். முதல் திரையில் வலப்பக்கம் விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். 'பேலன்ஸ்', 'பணம் அனுப்பு' என்று பெயர் சொன்னால் நல்லது. வெறுமனே 'பட்டன்', 'பட்டன்', 'பெயரிடாதது' என்று வந்தால், செய்தவர்கள் நம்மை நினைக்கவே இல்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு பட்டன்கள் மட்டும் அப்படி இருந்தால், டாக்பேக் மெனுவில் லேபிள் சேர்க்கும் வசதி உண்டு, பார்வையுள்ள ஒருவரிடம் கேட்டு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆப் புது வெர்ஷனுக்கு மாறினால் அந்தப் பெயர் போய்விடலாம்.

பணம் அனுப்புவதில் கடைக்காரரின் கியூஆர் அட்டையைக் கேமராவில் பிடிப்பதுதான் சிரமம். போனை அட்டையின் மேல் ஒட்டி வைத்து, மெதுவாகப் பின்னால் இழுத்தால், ஒரு ஜாண் தூரத்தில் பெரும்பாலும் பிடித்துவிடும். முடியாவிட்டால் அவர் போன் எண்ணுக்கு அனுப்புங்கள். தொகையை அடித்ததும் பின் நம்பருக்குப் போவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள், திரையில் பெறுபவரின் பெயர் இருக்கும். விரலைத் தள்ளி அந்தப் பெயரையும் தொகையையும் கேட்டுவிட்டே மேலே போங்கள். கடையில் பேசும் பெட்டி இருந்தால், தொகை தமிழிலேயே ஒலிக்கும் வரை நகராதீர்கள். உங்கள் ஆப் சொல்வதை விட அது தெளிவு.

பின் நம்பர் திரை ஆப்புக்கு ஆப் மாறும். சிலது எண்ணைச் சொல்லும், சிலது 'புள்ளி' என்று மட்டும் சொல்லும். வெளியில் இருக்கும்போது இயர்போன் மாட்டிக்கொண்டு அடிப்பது எப்படியும் பாதுகாப்பு. கூடவே திரையையே கறுப்பாக்கிவிடலாம். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் கறுப்பாகும். போன் வழக்கம்போல் பேசும், பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பேட்டரியும் மிச்சம்.

சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, சில பேங்க் ஆப்கள் டாக்பேக் தவிர்த்து வெளியிலிருந்து போட்ட திரைவாசிப்பானைக் கண்டால் ஆபத்தான ஆப் என்று நினைத்துத் திறக்கவே மறுக்கும். அப்போது டாக்பேக்குக்கு மாறுவதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, நாம் யார் என்று வீடியோவிலேயே சரிபார்க்கும் வீடியோ கேஒய்சி. "கண் சிமிட்டுங்கள்" என்று மெஷின் கேட்கும், நம்மில் பலரால் அது முடியாது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி இந்தக் கேஒய்சி முறைகளை மாற்ற உத்தரவிட்டது. அந்த ஆகஸ்டில் ரிசர்வ் பேங்கும் விதியைத் திருத்தியது. கண் சிமிட்டவில்லை என்று உங்களை நிராகரித்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லி வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டாம். சாதாரண பட்டன் போனிலிருந்து 080-4516 3666 என்ற எண்ணுக்குப் பேசி, குரல் சொல்கிறபடி எண்களை அழுத்தியே யுபிஐ பணம் அனுப்பலாம். தொடுதிரை பழகாத பெரியவர்களுக்கு இதுதான் லேசு என்பது என் எண்ணம்.

ஏடிஎம் பேசவில்லை, செக்புக் தர மறுத்தார்கள், ஆப்பில் பட்டனுக்குப் பெயர் இல்லை, எதுவாக இருந்தாலும் முதலில் பேங்குக்கே எழுத்தில் புகார், மெயிலில் அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம், விவரம் கேட்க 14448. கட்டணம் எதுவும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். புகாரில் ஏடிஎம் இருக்கும் தெரு, தேதி, நேரம், இயர்போன் செருகியும் குரல் வரவில்லை என்ற விவரம், இதெல்லாம் இருக்கட்டும். "ஏடிஎம் சரியில்லை" என்று ஒற்றை வரியில் எழுதினால், மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று பதில் எழுதி மூடிவிடுவார்கள்.